எட்டு இல்லாத பெட்டி

பெட்டியின் அகலம் முந்நூறு மில்லிமீட்டர், உயரம் நானூறு, ஆழம் நூற்றைம்பது. அதற்குள் ஒரு எம்.சி.பி., மோட்டாருக்கு மின்சாரம் விட்டு நிறுத்தும் ஒரு காண்டாக்டர், அதன் அடியில் ஓவர்லோட் ரிலே, இருபத்துநான்கு வோல்ட் தரும் சின்ன பவர் சப்ளை, இரண்டு குட்டி ரிலேக்கள், கீழ்வரிசையில் வயர் நுனிகளை முடுக்கப் பத்து டெர்மினல்கள். கதவில் ஒரு சுவிட்ச், மூன்று விளக்குகள். உள்ளே ஓடும் வயர்கள் முப்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நுனி, நுனிக்கு ஒரு எண் வளையம். ஆக அறுபத்திரண்டு வளையங்கள். இந்தக் கணக்கை நான் மூன்று முறை சரிபார்த்தேன். மூன்று முறையும் சரியாக வந்தது. கணக்கு சரியாக வந்தால் எனக்கு நிம்மதி வரும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்துநான்கு வருஷம் ஒரு தொழிற்சாலையின் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு காரைக்கால் தலத்தெரு வீட்டிலிருந்து பால் வாங்கப் போகும் வழியில் மின்கம்பங்களை எண்ணுவேன். பதினேழு. திரும்பி வரும்போதும் எண்ணுவேன். அந்தப் பதினேழில் ஒன்பதாவது கம்பத்துக்கு எதிரே ஒரு கடை அறையை வாடகைக்கு எடுத்தார் பாய். பத்தொன்பது வருஷம் துபாயில் கட்டடங்களுக்கு பேனல் வயரிங் செய்தவர், என்னைவிட இருபத்திரண்டு வயது இளையவர். விடுப்பில் வந்தவர், இங்கேயே பேனல் செய்து பிழைக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். துபாயை விட்டு ஆறு மாதம் வெளியே இருந்தால் அவருடைய விசா செத்துவிடும். பெட்டியை மாட்டப் போன நாளில் அதற்குப் பதினோரு நாள் பாக்கி.

கிடைத்திருந்த முதல் வேலை திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜுக்கு. கீழ்த்தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் தானாக ஓட வேண்டும், தானாக நிற்க வேண்டும். மேல்தொட்டி நிரம்பினால் நிற்க வேண்டும், கீழ்த்தொட்டி வற்றினாலும் நிற்க வேண்டும். லாட்ஜ் முதலாளிக்கு இன்னும் மூன்று கட்டடங்கள் உண்டு. இது நன்றாக ஓடினால் அந்த மூன்றும் பாய்க்கு என்று சொல்லியிருந்தார். பாயின் மனைவி ஒருநாள் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது என்னிடமே கேட்டுவிட்டார்.

"இந்தப் பெட்டி ஓடுமா சார்? ஓடுனா இருக்கேங்குறாங்க. ஓடாட்டி டிக்கெட் போடுறேங்குறாங்க. நான் சூட்கேஸத் தொடைச்சு வைக்கவா, பரண்ல போடவா?"

"ஓடும்மா" என்றேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து படத்தை மறுபடி எடுத்து எண்ணினேன்.

படம் வரைந்தவன் நான். அதற்குத்தான் பாய் என்னைச் சேர்த்துக்கொண்டார். ஆனால் படத்தைப் பார்த்த முதல் நாளே சண்டை.

"சார், உங்க படத்துல வயரு பறந்து வருதா?"

"ஏன் பாய்?"

"அடியில ஓட்டை போட்டு கிளாண்ட் வைக்கிறோம். கேபிள் அது வழியா ஏறி வருது. அங்கேர்ந்து டெர்மினலுக்கு நாலு சென்டிமீட்டர் விட்டிருக்கீங்க. என் விரலே அதுல திரும்பாது. கேபிளு எங்க திரும்பும்?"

"மேலே இடம் போதாதே."

"மேல நெருக்குங்க. கீழ பத்து சென்டிமீட்டராவது வேணும். கேபிள் உள்ள வந்து மூச்சு விடணும்."

மேலே இருந்தவற்றை நான் மூன்று தடவை மாற்றி வரைந்தேன். கடைசியில் பவர் சப்ளையை எம்.சி.பி.க்குப் பக்கத்தில் ஏற்றி இடம் கண்டுபிடித்தோம். கீழ்வரிசையில் இடப்புறம் ஆறு டெர்மினல்கள்: ஒன்று, இரண்டு, மூன்றில் உள்ளே வரும் மின்சாரமும் எர்த்தும், நான்கு, ஐந்து, ஆறில் மோட்டாருக்குப் போவது. பிறகு ஒரு தடுப்பு. வலப்புறம் இருபத்துநான்கு வோல்ட் மட்டும்: ஏழும் எட்டும் மேல்தொட்டியில் நீர்மட்டம் பார்க்கும் மிதவைக்கு, ஒன்பதும் பத்தும் கீழ்த்தொட்டி மிதவைக்கு. தண்ணீரில் கிடக்கும் வயருக்கு இருநூற்று முப்பது வோல்ட் போகக் கூடாது என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை.

பாயின் வேலை பார்க்க வேண்டியது. வயரை அளவாக வெட்ட மாட்டார். வயர்கள் ஓடும் சேனலுக்குள் ஒரு விரல் நீளம் கூடுதலாக மடித்து வைப்பார். "நாளைக்கு ஒருத்தன் நுனிய வெட்டித் திரும்பப் போடணும்னா அவனுக்கு வயரு வேணும்ல?" என்பார். நுனியைச் சீவி, எண் வளையத்தைக் கோத்து, 'பின் லக்' என்ற உலோக முனையைப் போட்டு நெரித்து, டெர்மினலில் முடுக்கி, பிறகு ஒவ்வொரு வயரையும் இரண்டு விரலால் பிடித்து ஓர் இழுப்பு இழுப்பார். அறுபத்திரண்டு இழுப்பு. வளையங்களில் உள்ள எண்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். கதவைத் திறந்தவன் கழுத்தைத் திருப்பாமல் படிக்கலாம்.

கிளாண்டைப் பற்றித்தான் அவருக்கு அதிகப் பேச்சு. ஒரு துண்டு கேபிளைச் சோதனைக்கு மாட்டி, ரப்பர் வளையம் கேபிளைக் கவ்வும்வரை கிளாண்டை முடுக்கி, உள்ளே ஒரு கிளாம்பும் போட்டு, "இழுங்க சார்" என்றார். இழுத்தேன்.

"பழம் பறிக்கிற மாதிரி இழுக்காதீங்க. ரெண்டு கையாலயும் இழுங்க."

காலைச் சுவரில் கொடுத்து இழுத்தேன். பெட்டி ஆடியது. உள்ளே டெர்மினலில் இருந்த வயர் அசையவில்லை.

செவ்வாய்க்கிழமை முதலாளி காரைக்காலுக்கு வந்தவர் கடைக்கும் வந்தார். கதவைத் திறந்து காண்பித்தோம். குனிந்து கீழ்வரிசையைப் படித்துக்கொண்டே வந்தவர் நிமிர்ந்துவிட்டார்.

"இது என்னங்க, எட்டு?"

"டெர்மினல் நம்பருங்க" என்றேன்.

"என் லாட்ஜுல ரூமே ஏழுக்கு அப்புறம் ஒம்பதுங்க. சனீஸ்வரனைக் கும்பிட வர்றவன் கையில எட்டாம் நம்பர் சாவியக் குடுத்தா வாங்குவானா? பையத் தூக்கிக்கிட்டு எதிர் லாட்ஜுக்குப் போயிடுவான்."

"வயர்ல போயி யாருங்க தங்கப் போறா?"

"வயரும் என் கட்டடத்துலதானேங்க இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பாய் புகுந்தார்.

"எடுத்துடலாம் முதலாளி. துபாய்லயும் பதிமூணாவது மாடி இல்லாத கட்டடம் உண்டு. லிஃப்டுல பன்னண்டு, அப்புறம் பதினாலு. நானே வயர் பண்ணியிருக்கேன்."

முதலாளி போன பிறகு பாய் எட்டு, ஒன்பது, பத்தை ஒன்பது, பத்து, பதினொன்று ஆக்கினார். மூன்று நுனி வெட்டினார், மறு நுனிகளையும் வெட்டினார், ஆறு புது வளையம் போட்டார். மடித்து வைத்திருந்த விரல் நீளம் அதற்கு உதவியது. படத்தை நான் திருத்தினேன். இப்போது மேல்தொட்டிக்கு ஏழும் ஒன்பதும், கீழ்த்தொட்டிக்குப் பத்தும் பதினொன்றும்.

ஒரு சிக்கல் இருந்தது. லாட்ஜில் இரண்டு மிதவைகளின் கேபிள்களும் முந்தின வாரமே குழாய்க்குள் இழுக்கப்பட்டு, பெட்டி வரப்போகும் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டும் ஒரே சாம்பல் நிறம், இரண்டும் ஒரே குழாயிலிருந்து இறங்குபவை. அவற்றின் நான்கு நுனிகளிலும் பழைய வளையங்களை நான்தான் மாட்டி, கழன்று விழாமல் டேப் சுற்றியிருந்தேன்.

"அத பெட்டி மாட்டப் போற அன்னைக்கி நான் பாத்துக்கிறேன்" என்றார் பாய்.

"வேண்டாம், நாளைக்கே போய் மாற்றிவிடுகிறேன்" என்றேன். செய்யாமல் கிடக்கும் வேலை ஒன்று இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

புதன்கிழமை பஸ் ஏறினேன். சட்டைப்பையில் ஒரு காகிதத்தில் மடித்த மூன்று மஞ்சள் வளையங்கள்: ஒன்பது, பத்து, பதினொன்று. சுவருக்கு முன் முக்காலி போட்டு உட்கார்ந்து, எட்டைக் கழற்றி ஒன்பதை மாட்டி டேப் சுற்றினேன். அப்போது முதலாளி காபி கொண்டுவரச் சொல்லிவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். வெளியூர் பஸ்கள் எத்தனை வருகின்றன, நளன் குளத்துப் பக்கம் எத்தனை புது லாட்ஜ்கள் வந்துவிட்டன என்று பேசினார். எண்ணிக்கை என்றால் நான் எழுந்திருக்க மாட்டேன். அவர் பதினான்கு என்றார். நான் வரும் வழியில் எண்ணியது பதினாறு. அரை மணி நேரம் அதில் போயிற்று. பிறகு சுவரைத் திரும்பிப் பார்த்தேன். நான்கு நுனி, நான்கு வளையம். எண்ணினேன், சரியாக இருந்தது, கிளம்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெட்டியோடு போனோம். மறுநாள் சனிக்கிழமை, லாட்ஜில் எல்லா அறைகளும் பேசி முடிந்தவை, வெள்ளி மதியத்திலிருந்தே ஆட்கள் வருவார்கள். பத்தரை மணிக்கு ராகுகாலம் தொடங்குகிறது, அதற்குள் சுவிட்ச் போட வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். பாய் பகல் தொழுகைக்குக் காரைக்கால் பள்ளிவாசலில் இருக்க வேண்டும்; பன்னிரண்டு இருபதுக்குக் கிளம்பியாக வேண்டும். பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றியாயிற்று. மேல்தொட்டியில் கால் பங்கு தண்ணீர்தான் இருந்தது.

பாய் பெட்டியைச் சுவரில் ஏற்றினார். மெயின் கேபிள், மோட்டார் கேபிள், கிளாண்ட், கிளாம்ப், டெர்மினல். பத்து மணி ஆறு நிமிஷத்துக்கு மிதவைக் கேபிள்களின் டேப்பைப் பிரித்தார். முதல் கேபிளில் ஏழும் ஒன்பதும். மாட்டினார். இரண்டாவது கேபிளைப் பிரித்தவர் அப்படியே நின்றார்.

"சார், இங்க ரெண்டு ஒம்பது இருக்கு."

அதில் இருந்தது ஒன்பதும் பத்தும். கண்ணாடியை எடுக்கச் சட்டைப்பைக்குள் கைவிட்டேன். காகிதம் விரலில் பட்டது. புதன்கிழமை போட்ட அதே சட்டை. பிரிக்கவே வேண்டியதில்லை, உள்ளே இரண்டு வளையங்கள் உருண்டன. பத்து, பதினொன்று.

காகிதத்தை உள்ளேயே விட்டுக் கண்ணாடியை மட்டும் வெளியே எடுத்தேன்.

"எது மேல்தொட்டி, எது கீழ்த்தொட்டின்னு பாத்துட்டு மாட்டிடறேன் முதலாளி" என்றார் பாய். "கால் மணி நேரம்."

"அதான் நம்பர் போட்டிருக்கீங்களே? நம்பர் எதுக்குங்க பின்ன?"

லாட்ஜ் பிளம்பர் முன்னே வந்தார். "இழுத்துப் பாத்தா தெரிஞ்சுடும்" என்று முதல் கேபிளைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினார். கிளாண்ட் விடவில்லை, உள்ளே ஒரு நுனியும் அசையவில்லை. பாய் அவர் கையை மெல்ல எடுத்துவிட்டார்.

"அண்ணே, அது மணி இல்ல, அடிக்கிறதுக்கு."

"பாய், நான் ஒண்ணு சொல்றேன். இதுல இருக்க ஒம்பதயும் ஒம்பதுலயே போடுங்க, பத்தப் பத்துல போடுங்க. ஓடலன்னா பத்துக்கும் பதினொண்ணுக்கும் ஒரு துண்டு வயரு. எத்தன எடத்துல அப்புடி ஓட்டியிருக்கோம்!"

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "செய்ங்களேன் பாய். இப்பதைக்கு ஓடட்டும்."

பிளம்பர் சொன்னபடி செய்தால் மோட்டார் ஓடும் என்பது உண்மை. மேல்தொட்டி நிரம்பினாலும் நிற்காமல் ஓடும். கீழ்த்தொட்டி வற்றினால் நிறுத்தவேண்டிய ரிலேயை அந்தத் துண்டு வயர் ஏமாற்றிக்கொண்டே இருக்கும். தண்ணீர் இல்லாமல் ஓடி மோட்டார் கருகும்.

"ரெண்டு ஒம்பது இருக்குற பெட்டிக்கு நான் கரண்டு குடுக்க மாட்டேன் முதலாளி" என்றார் பாய். "ஒரு நம்பர் தப்புன்னா மத்த நம்பரையும் நம்ப முடியாது. எல்லாத்தையும் பாக்கணும்."

"யார் போட்ட நம்பரு இது?"

நான் வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். பாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என் வேலதான் முதலாளி. எம்மேலதான் தப்பு."

"பத்தொம்பது வருஷம் அங்க இதத்தான் பண்ணீங்களா? ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியலயே!"

பிளம்பர் சிரித்தார். பாயும் கொஞ்சம் சிரித்தார். பேச்சு இப்படியே போய்ப் பத்து முப்பதாயிற்று. முதலாளி கையை உதறினார். "இனிமே பன்னண்டுக்குத்தான். மத்த கட்டடத்த அப்புறம் பேசலாம்" என்று உள்ளே போனார்.

நான் பத்து ஆறுக்கே சொல்லியிருந்தால் பத்து இருபத்தைந்துக்குள் சோதனை முடிந்திருக்கும். இந்தக் கணக்கை அன்றிலிருந்து எத்தனையோ தடவை போட்டுவிட்டேன்.

பாய் முதல் கேபிளின் நுனிகளையும் டெர்மினலிலிருந்து கழற்றினார். "மாடிக்குப் போங்க சார். நான் போன்ல சொல்றப்ப மிதவையத் தூக்குங்க." அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம்.

ஐம்பத்துநான்கு படிகள். மேல்தொட்டியின் மூடியைத் தள்ளி உள்ளே கைவிட்டேன். தண்ணீர் இறங்கியிருந்ததால் மிதவை கயிற்றில் கட்டிய மாங்காய்போலக் கீழ்நோக்கித் தொங்கியது. அந்த நிலையில் அதன் சுவிட்ச் மூடியிருக்கும். கீழே பாயின் மீட்டர் 'பீப்' என்று கத்தும். மிதவையைத் தூக்கினால் திறந்துகொள்ளும், சத்தம் நிற்கும்.

"தூக்குங்க."

தூக்கினேன்.

"நின்னுச்சு. விடுங்க. ம். இன்னொரு தடவ."

மூன்று முறை. பிறகு அடுத்த கேபிளில் மீட்டரை வைத்துவிட்டுத் தூக்கச் சொன்னார். அதில் சத்தம் நிற்கவில்லை, ஆகவே அது கீழ்த்தொட்டி. அதையும் நம்பாமல் தானே போய்க் கீழ்த்தொட்டி மிதவையைத் தண்ணீருக்கு வெளியே தூக்கித் தொங்கவிட்டுப் பார்த்தாராம். பிளம்பர் மீட்டரைப் பிடித்துக்கொண்டாராம்.

நான் மாடியிலேயே நின்றேன். இறங்க மனம் வரவில்லை. அப்போது முதலாளி மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"அஞ்சாம் நம்பர் ரூம்ல கொழாயில தண்ணி நூலா வருதுங்கறாங்க. எவ்ளோதான் இருக்கு?"

"ஒரு சாண் இருக்குங்க" என்றேன். பிறகு காகிதத்தை எடுத்துப் பிரித்து அவர் கையில் வைத்தேன்.

"என்னங்க இது?"

"பத்தும் பதினொன்றும். புதன்கிழமை நான் மாட்டியிருக்க வேண்டியது. லாட்ஜ் எண்ணிக்கையில் உட்கார்ந்து விட்டுவிட்டேன். பாய் அன்றைக்கு இங்கே வரவேயில்லை."

அவர் வளையங்களை உருட்டிப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"கீழ கேட்டப்ப நீங்க அங்கதானே நின்னீங்க?"

"நின்றேன்."

"அவரு ஏன் அப்புடிச் சொன்னாரு?"

எனக்குத் தெரியாது என்றேன். அவர் வளையங்களைத் திருப்பித் தந்துவிட்டு இறங்கிப் போனார். படியில் அவர் செருப்புச் சத்தத்தை எண்ணினேன். நாற்பதுக்கு மேல் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

பன்னிரண்டு மணி இரண்டு நிமிஷத்துக்குச் சுவிட்ச் போட்டார்கள். பச்சை விளக்கு எரிந்ததாம், மாடிக்குழாயில் தண்ணீர் இருமிக்கொண்டு வந்தது. நான் மிதவையைத் தூக்கினேன், மோட்டார் நின்றது. விட்டேன்; ஓடியது. கீழே பாய் மற்ற மிதவையைத் தூக்கித் தொங்கவிட்டபோது மோட்டார் நின்று மஞ்சள் விளக்கு எரிந்ததாம். பன்னிரண்டு பதினெட்டுக்கு நான் இறங்கி வந்தபோது பாய் தன் ஸ்கூட்டரை எடுத்தார்.

"என்னமோ தப்பு என்மேலன்னீங்களே பாய்" என்று முதலாளி வண்டியை மறித்தார். "ஐயா சொல்லிட்டாரு."

"பெட்டி என் பெட்டிங்க. அதுல சேர்ற நம்பரு எல்லாம் என் நம்பருதான்."

"சரி, தொழுதுட்டு வாங்க. அடுத்த கட்டடத்துச் சாவிய வாங்கிக்கங்க, எடம் பாக்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் மரியாதை குறையவில்லை. "நீங்களும் வாங்கய்யா. ஆனா நம்பர் போடுற வேல மட்டும் உங்களுக்கு வேணாங்க."

பாய் எனக்குத் தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார். நான் பஸ்ஸில் வந்தேன்.

பதினோராவது நாள் காலை பால் வாங்கப் போனபோது ஒன்பதாவது கம்பத்துக்கு எதிரே கடை திறந்திருந்தது. பாய் தரையில் சம்மணமிட்டு, இரண்டாவது பெட்டியின் அடித்தகட்டில் கிளாண்டுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். நான்கு. விசா இன்றோடு முடிகிறதே என்று கேட்டேன்.

"முடியட்டும்" என்றார், டிரில்லை நிறுத்தாமல். "சூட்கேஸு பரண்ல ஏறிடுச்சு."

எண் வளையங்கள் இருந்த டப்பா என் கைக்கு எட்டாத மேல் தட்டில் இருந்தது. பாய் தூசியை ஊதிவிட்டு ஒரு கிளாண்டை மாட்டி, துண்டு கேபிளைச் செருகி முடுக்கினார். மறுமுனையை என்னிடம் நீட்டினார்.

"இழுங்க சார்."

பால் பாத்திரத்தை வெளிப்படியில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.